99.9 சதவீதம் என்றால் எத்தனை ரூபாய்?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் வாங்கியாகிவிட்டது. அடுத்த ஆறு மாதத்தில் பலருக்கும் ஒரு ஆசை வரும். வீட்டிலிருந்தே செய்யும் சிறு தொழிலுக்குச் சொந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும். இலவச முகவரியை விசிட்டிங் கார்டில் போட்டால் மதிப்பாக இல்லையே என்று தோன்றும். சரி என்று கட்டணச் சேவை தரும் நிறுவனத்தின் தளத்தைத் திறந்தால், மூன்று நான்கு கட்டங்களில் பிளான்கள் வரிசையாக நிற்கும். எல்லாக் கட்டங்களுக்கும் மேலே பெரிய எழுத்தில் "99.9 சதவீத அப்டைம் உத்தரவாதம்" என்று இருக்கும். விலை கூடிய கட்டத்தில் "விரைவான சப்போர்ட்" என்றும் இருக்கும்.

அப்டைம் என்றால் சேவை இயங்கிக்கொண்டிருக்கும் நேரம். படுத்துவிட்ட நேரத்துக்கு டவுன்டைம் என்று பெயர். உத்தரவாதம் தவறினால் நிறுவனம் நமக்குத் தருவது கிரெடிட். இந்த மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் நாலாம் வகுப்புக் கணக்குதான். அந்தக் கணக்கைப் போடாமலேயே பலரும் பெரிய பிளானுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். அதனால் நடந்த ஒரு சம்பவத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்த 47 நிமிடங்கள்

2020 டிசம்பர் 14, திங்கட்கிழமை. நம் நேரப்படி மாலை 5.16 மணிக்கு ஜிமெயில், யூடியூப், கூகுள் டிரைவ் எல்லாம் உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் மக்கர் செய்தன. மீண்டும் சரியானது 6.03 மணிக்கு. மொத்தம் 47 நிமிடம்.

காரணத்தைக் கூகுளே பின்னர் அறிக்கையாக வெளியிட்டது. நீங்கள் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்ததும் "இவர் யார்" என்று சரிபார்க்க ஒரு மையச் சேவை இருக்கிறது. கூகுளுக்குள் எந்தச் சேவைக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பதை ஒரு தானியங்கி மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. பழைய ஒதுக்கீட்டு முறையிலிருந்து புதியதற்கு மாறும்போது பழையதன் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அது "இந்தச் சேவையின் பயன்பாடு பூஜ்யம்" என்று தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சிறிது காலம் பொறுத்திருந்த தானியங்கி, பூஜ்யத்துக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டது. சரிபார்க்கும் சேவை முடங்கியது. கடிதங்கள் எல்லாம் பத்திரமாக உள்ளேதான் இருந்தன, கதவைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

கூகுளின் கட்டண மின்னஞ்சல் சேவைக்குக் கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்று பெயர். அதற்கு 99.9 சதவீத உத்தரவாதம் உண்டு. இலவச ஜிமெயிலுக்கு அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. எனவே அன்றைய 47 நிமிடத்துக்கு யாராவது கிரெடிட் கேட்க முடியுமென்றால், அது கட்டண வாடிக்கையாளர் மட்டுமே.

கணக்குப் போடுவோமா?

டிசம்பர் மாதத்துக்கு 31 நாள். நிமிடத்தில் சொன்னால் 44,640. இதில் 99.9 சதவீதம் இயங்கினால் போதும் என்றால், மீதி 0.1 சதவீதம் படுத்துக்கொள்ளலாம். அது 44 நிமிடம் 38 விநாடி. இந்த அளவு வரை சேவை நின்றாலும் உத்தரவாதம் மீறப்படவில்லை என்றுதான் பொருள். அன்று நின்றது 47 நிமிடம். அதாவது எல்லையைத் தாண்டியது இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான நேரம்தான். இரண்டரை நிமிடம் முன்னதாகச் சரிசெய்திருந்தால், அந்த ஒரு சம்பவத்தை மட்டும் வைத்து யாருக்கும் ஒரு பைசா வந்திருக்காது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 99.9 என்பது மாதம் முழுவதற்குமான சராசரி. நள்ளிரவு இரண்டு மணியும், நீங்கள் அவசரமாகக் கொட்டேஷன் அனுப்பும் மாலை ஐந்தரை மணியும் அதற்கு ஒன்றுதான். அனுமதிக்கப்பட்ட 44 நிமிடத்தையும் மொத்தமாக ஒரே நாளில், உங்களுக்கு மிக முக்கியமான நேரத்தில் எடுத்துக்கொண்டாலும் விதிப்படி அது சரிதான்.

சரி, எல்லை தாண்டியாகிவிட்டது, என்ன கிடைக்கும்? வொர்க்ஸ்பேஸ் ஒப்பந்தத்தில் கிரெடிட் என்பது நாள் கணக்கு. மாத அப்டைம் 99.9-க்குக் கீழே போனால் 3 நாள். 99-க்குக் கீழே போனால் 7 நாள். 95-க்குக் கீழே போனால் 15 நாள். 31 நாள் மாதத்தில் 99 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டுமென்றால் சேவை சுமார் ஏழரை மணி நேரம் நின்றிருக்க வேண்டும். 95-க்குக் கீழே போக 37 மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்க வேண்டும்.

இப்போது ஒரு உதாரணம். ஈரோட்டில் போர்வை, படுக்கை விரிப்பு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஐந்து மின்னஞ்சல் கணக்குகள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு கணக்குக்கு மாதம் 200 ரூபாய் என்று வைப்போம். மாத பில் 1,000 ரூபாய். 47 நிமிடத் தடங்கலுக்கு அவருக்கு 3 நாள் கிரெடிட். ஆயிரத்தை 31-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் 97 ரூபாய் வருகிறது.

அன்று மாலை ஆறு மணிக்குள் அவர் 40,000 ரூபாய் ஆர்டர் ஒன்றுக்கு விலைப்பட்டியல் அனுப்ப வேண்டியிருந்தது, அனுப்ப முடியவில்லை, ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது என்றாலும் கிரெடிட் அதே 97 ரூபாய்தான். ஆர்டரே இல்லாமல் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் 97 ரூபாய்தான். ஏனென்றால் கிரெடிட் உங்கள் நஷ்டத்தை அளப்பதில்லை, உங்கள் பில்லை மட்டுமே அளக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரு மாதத்தில் அதிகபட்சம் 15 நாள்தான் கிரெடிட். மாதம் முழுக்க 31 நாளும் சேவை கிடைக்கவில்லை என்றால்கூட இந்த ஒப்பந்தப்படி வருவது 15 நாள், அதாவது நம் ஈரோட்டுக்காரருக்கு 484 ரூபாய். எல்லா நிறுவனமும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்ட் 365 சேவையில் இதே மூன்று படிகளுக்கு மாத பில்லில் 25, 50, 100 சதவீதம் என்று கிரெடிட். இதே 47 நிமிடம் அங்கே கணக்கில் முழுதாக ஏறியிருந்தால் 250 ரூபாய். கொஞ்சம் தாராளம். ஆனாலும் அதுவும் பில்லைத் தாண்டிப் போவதில்லை.

பணமாகக் கையில் வருமா?

வராது. கூகுளில் ஆண்டு ஒப்பந்தம் போட்டவருக்குக் கடைசித் தேதி 3 நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மாதாமாதம் கட்டுபவருக்கு அந்தத் தொகை பில்லில் கழியும். வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம் என்று கோபத்தில் முடிவெடுப்பவருக்கு, அந்தப் பழைய இடத்தில் மூன்று நாள் கூடுதலாகக் கிடைத்து என்ன பயன்?

இதைவிட முக்கியமானது, கேட்டால்தான் தருவார்கள். கிரெடிட்டுக்கு உரிமை ஏற்பட்டதிலிருந்து 30 நாளுக்குள் நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உரிமை போய்விடும். 97 ரூபாய்க்கு யார் மெனக்கெட்டு எழுதப் போகிறார்கள்?

இங்கேதான் எனக்கு நிறுவனங்களோடு சண்டை. நானும் மென்பொருள் துறையில்தான் இருக்கிறேன். எந்த நிமிடம் சர்வர் எத்தனை பிழை கொடுத்தது என்ற கணக்கு அவர்களிடம் நிச்சயம் இருக்கிறது. டவுன்டைம் என்பதையே வொர்க்ஸ்பேஸ் ஒப்பந்தம் அப்படித்தான் வரையறுக்கிறது: ஒரு நிறுவனத்தின் முகவரிகளைப் பயன்படுத்துவோருக்கு 5 சதவீதத்துக்கு மேல் பிழை வர வேண்டும், அதையும் கூகுளின் சர்வர் பக்கத்தில் அளக்க வேண்டும். அளவுகோல் அவர்கள் கையில், அளந்த கணக்கும் அவர்கள் கையில். பிறகு ஏன் வாடிக்கையாளர் மனுப்போட வேண்டும்? அடுத்த பில்லில் தானாகவே கழித்துவிட்டுப் போகலாமே. மாதா மாதம் பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளத் தெரிந்த மென்பொருளுக்கு, திருப்பிக் கொடுக்க மட்டும் தெரியாதா?

நிறுவனத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதம் 200 ரூபாய் வாங்குகிறவர் உங்கள் 40,000 ரூபாய் ஆர்டருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆக முடியாது. அப்படி ஆக வேண்டுமென்றால் கட்டணம் பல மடங்கு ஏறும். எனவே கிரெடிட் சிறியதாக இருப்பதைக் குறை சொல்ல மாட்டேன். அதை "உத்தரவாதம்" என்று பெரிய எழுத்தில் போட்டு, நஷ்டத்தை ஈடு கட்டுவார்கள் என்று நம்மை நினைக்க வைப்பதைத்தான் குறை சொல்கிறேன். ஒப்பந்தத்தின் உள்ளே போய்ப் பார்த்தால், தடங்கலுக்கு இந்தக் கிரெடிட் ஒன்றே பரிகாரம், வேறு எதுவும் கேட்க முடியாது என்ற வரியும் இருக்கும். அந்த ஒரு வரியைத்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

கணக்கில் சேராதவையும் உண்டு. உங்கள் வீட்டில் மின்வெட்டு, மோடம் கோளாறு, இன்டர்நெட் நிறுவனத்தின் கேபிள் அறுந்தது, இவையெல்லாம் மின்னஞ்சல் நிறுவனத்தின் டவுன்டைம் ஆகாது. பல நிறுவனங்கள் முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பு நேரத்தையும் கழித்துவிடும். கூகுளிலும் முன்பு அப்படி இருந்தது. பத்து நிமிடத்துக்குக் குறைவான தடங்கலை எண்ணுவதே இல்லை என்றும் விதி இருந்தது. 2011 ஜனவரியில் இரண்டையும் நீக்குவதாக அறிவித்தார்கள். நீங்கள் வாங்கப்போகும் உள்ளூர் ஹோஸ்டிங் நிறுவனத்தில் இந்த இரண்டு விதிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், ஒன்பது நிமிடம் ஒன்பது நிமிடமாக நாள் முழுக்க விட்டுவிட்டு நின்றாலும் அப்டைம் நூறு சதவீதம் என்று காட்ட முடியும்.

சப்போர்ட் எத்தனை மணி நேரத்தில்?

பெரிய பிளான் வாங்கினால் சேவை குறைவாகத்தானே நிற்கும் என்று கேட்பீர்கள். வொர்க்ஸ்பேஸைப் பொறுத்தவரை சிறிய பிளானுக்கும் பெரிய பிளானுக்கும் அதே 99.9 சதவீதம்தான். கூடுவது சேமிப்பு இடமும் மற்ற வசதிகளும். அப்டைமுக்காகப் பெரிய பிளான் வாங்குவது வீண்.

ஆனால் சப்போர்ட் நேரம் என்பது பல நிறுவனங்களில் பிளானுக்குப் பிளான் உண்மையிலேயே மாறும். இங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. அமேசான் வெப் சர்வீசஸ் நிறுவனம் பல ஆண்டுகளாக விற்று வந்த ஆரம்ப நிலைக் கட்டண சப்போர்ட் பிளானை எடுத்துக்கொள்வோம். "சேவை பழுதுபட்டிருக்கிறது" என்று டிக்கெட் போட்டால், அதாவது புகார் பதிவு செய்தால், 12 மணி நேரத்துக்குள் பதில் என்பது அதன் விதி. பரவாயில்லையே, காலையில் சொன்னால் ராத்திரிக்குள் பதில் வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் அது 12 "அலுவல்" மணி நேரம். அலுவல் நேரம் என்பது பொதுவாக உங்கள் நாட்டில் காலை 8 முதல் மாலை 6 வரை, சனி ஞாயிறும் விடுமுறை நாளும் நீங்கலாக.

இப்போது வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு டிக்கெட் போடுங்கள். அன்று 6 மணி வரை ஒரு மணி நேரம் எண்ணப்படும். சனி, ஞாயிறு எண்ணப்படாது. திங்கட்கிழமை 8 முதல் 6 வரை பத்து மணி நேரம். மொத்தம் பதினொன்று. மீதி ஒரு மணி நேரம் செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு முடியும். சுவரில் தொங்கும் கடிகாரப்படி 88 மணி நேரம் கழித்துப் பதில் வந்தாலும் அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. திங்கட்கிழமை பொங்கல் விடுமுறை என்றால் இன்னும் ஒரு நாள்.

அதுவும் என்ன பதில்? முதல் பதில். "உங்கள் புகார் கிடைத்தது, எந்த நேரத்திலிருந்து இப்படி இருக்கிறது, பிழைச் செய்தியின் படத்தை அனுப்புங்கள்" என்று ஒரு ஊழியர் எழுதினால் அதுவும் பதில்தான். கோளாறு எப்போது சரியாகும் என்பதற்கு விதி எதுவும் இல்லை. முதல் பதிலுக்குக்கூட "இயன்ற முயற்சி எடுப்போம்" என்றுதான் எழுதியிருப்பார்கள். அப்டைம் தவறினால் 97 ரூபாயாவது உண்டு. சப்போர்ட் தாமதமானால், பல பிளான்களில் அதுவும் இல்லை.

எனவே முதல் பதிலிலேயே காரியம் நகர வேண்டுமென்றால், அவர்கள் கேட்கப்போவதை நாமே முதல் கடிதத்தில் எழுதிவிட வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த முகவரிகளில், திரையில் வந்த செய்தி என்ன, வேறு இன்டர்நெட் இணைப்பில் முயன்று பார்த்தீர்களா என்ற ஐந்தும் இருந்தால் ஒரு சுற்று கடிதப் போக்குவரத்து மிச்சம். வெள்ளி மாலை என்றால் ஒரு சுற்று மிச்சமாவது பெரிய விஷயம்.

கோளாறு நம்முடையதா, அவர்களுடையதா?

மின்னஞ்சல் திறக்கவில்லை என்றதும் டிக்கெட் போட ஓடாதீர்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதை அடியுங்கள்:

```
ping 8.8.8.8
```

பதில் வரிகள் ஓடினால் உங்கள் இன்டர்நெட் இணைப்பு பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. "Request timed out" என்று வந்தால் முதலில் மோடத்தைப் பாருங்கள். இணைப்பு சரியாக இருந்தும் மின்னஞ்சல் வரவில்லை என்றால், மொபைல் போனின் டேட்டா இணைப்பில் அதே முகவரியைத் திறந்து பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் கோளாறு அவர்கள் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். நிறுவனத்தின் நிலவரப் பக்கத்தைத் திறங்கள். வொர்க்ஸ்பேஸுக்கு அது www.google.com/appsstatus/dashboard என்ற முகவரியில் இருக்கிறது. அங்கே தடங்கல் என்று அறிவித்திருந்தால் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கேட்கும் கடிதத்தில் எழுத வேண்டிய தேதியும் நேரமும் அதிலேயே இருக்கும்.

என் யோசனை

பிளான் வாங்கும்போது 99.9-ஐயும் 99.99-ஐயும் ஒப்பிட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், தவறினால் எத்தனை ரூபாய் என்பதில்தான் இருக்கிறது. அந்த ரூபாய் உங்கள் பில்லின் ஒரு பகுதி, அவ்வளவே.

கூடுதல் பணம் கொடுப்பதாக இருந்தால் சப்போர்ட்டுக்குக் கொடுங்கள். அதுவும் உங்கள் வியாபாரம் நடக்கும் நேரத்தில் ஆள் கிடைத்தால் மட்டும். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பவருக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை இயங்கும் சப்போர்ட் எதற்கு? தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. இலவசச் சோதனைக் காலத்திலேயே சனிக்கிழமை மாலை ஒரு சாதாரணக் கேள்வியை அனுப்புங்கள். எத்தனை மணிக்கு ஒரு மனிதர் பதில் எழுதுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் உள்ள எண்ணைவிட அந்த எண் நம்பகமானது.

மிச்சமாகும் பணத்தையும் நேரத்தையும் உங்கள் சொந்த ஏற்பாட்டுக்குச் செலவிடுங்கள். தண்டர்பேர்ட் போன்ற ஒரு மெயில் மென்பொருளை இலவசமாக இறக்கி, கடிதங்களின் பிரதி உங்கள் ஹார்ட் டிஸ்கிலும் இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். சர்வர் கதவு மூடியிருந்தாலும் பழைய கடிதத்தைத் திறந்து வாடிக்கையாளர் கேட்ட விலையைப் பார்க்கலாம். வேறொரு நிறுவனத்தில் இலவச முகவரி ஒன்றை வைத்துக்கொண்டு, முக்கியமான பத்து வாடிக்கையாளர்களுக்கு அதை முன்பே சொல்லிவையுங்கள். அவர்களுடைய போன் நம்பர்களை ஒரு நோட்டிலும் எழுதிவையுங்கள். 2020 டிசம்பர் 14 மாலை நம் ஈரோட்டுக்காரரிடம் இந்த ஏற்பாடு இருந்திருந்தால் 5.20-க்கு வேறு முகவரியிலிருந்து விலைப்பட்டியல் போயிருக்கும். ஆர்டரும் தங்கியிருக்கும்.

கிரெடிட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். 97 ரூபாயானாலும் 30 நாளுக்குள் எழுதிக் கேளுங்கள். எல்லோரும் கேட்க ஆரம்பித்தால், ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆள் வைத்துப் பதில் எழுதுவதைவிடத் தானாகவே கழித்துக் கொடுப்பது மலிவு என்று அவர்களுக்கே தோன்றும்.